3,200 ஃபாலோவர், மாதம் எத்தனை பில்? சிறு கடைக்கு இலக்கு போடும் கணக்கு

தேக்கா பக்கத்தில் ஒரு சந்து. ரெடிமேட் ரவிக்கையும் பருத்திச் சேலையும் விற்கும் சின்னக் கடை ஒன்று அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 3,200 ஃபாலோவர்கள். விசாரிப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் பேநவ்வில் வருகிறது. ஜூலை முடியப்போகிறது. ஆகஸ்ட் மாதம் ஆன்லைனில் எவ்வளவு விற்கலாம் என்று கடைக்காரர் ஓர் இலக்கு வைக்க வேண்டும்.

பல கடைகளில் இந்தக் கணக்கு இப்படித்தான் போகிறது: "3,200 பேர் இருக்காங்க. நூத்துக்கு ரெண்டு பேர் வாங்கினாலே 64 பில் வந்திடும்." கேட்பதற்கு அடக்கமான கணக்காகத் தோன்றும். ஆனால் அந்த 'நூற்றுக்கு இரண்டு' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த 64 பில்லை நம்பிச் சரக்கு வாங்கி, மாதக் கடைசியில் 12 பில்தான் வந்தது என்றால், மீதிச் சரக்கு அலமாரியில் தூங்கும். போட்ட பணமும் அதோடு முடங்கும்.

ஃபாலோவருக்கும் பில்லுக்கும் நடுவே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலில் பார்த்தவர் விசாரிக்க வேண்டும், பிறகு விசாரித்தவர் வாங்க வேண்டும். எத்தனை பேர் எந்த வாசலைத் தாண்டுகிறார்கள் என்பதை உங்கள் கடையின் சொந்தப் பதிவிலிருந்துதான் எடுக்க முடியும். அடுத்த கடையின் விகிதம் உங்களுக்குப் பொருந்தாது. 15 வெள்ளிக் கம்மலுக்கும் 120 வெள்ளிச் சேலைக்கும் வாங்குபவர் மனம் ஒரே மாதிரி ஓடாது.

முதலில் ஃபாலோவர் எண்ணிக்கையைச் சலித்தெடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் கணக்கு பிசினஸ் கணக்காக இருந்தால் Insights பகுதியில் ஃபாலோவர்களைப் பற்றிய பக்கத்தில் Top locations என்று இருக்கும். அதில் நாடுவாரியாகப் பாருங்கள். சேலைக் கடைகளின் பக்கங்களைச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் ரசித்துப் பின்தொடர்வது வழக்கம். அவர்கள் போடும் லைக் உண்மையானதுதான், ஆனால் சிங்கப்பூருக்குள் மட்டும் டெலிவரி செய்யும் கடைக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள் ஆக மாட்டார்கள். நம் கடைக்கு அங்கே சிங்கப்பூர் 62.5 விழுக்காடு என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 3,200இல் அது 2,000 பேர். கணக்கு இனி இந்த 2,000 பேரை வைத்துத்தான்.

அடுத்தது விசாரிப்பு. கணக்கு பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒருவர் புதிய மெரூன் ரவிக்கைப் படத்துக்குக் கீழே "பிரைஸ்?" என்று கேட்கிறார். சிறிது நேரம் கழித்து மெசேஜில், "அக்கா, சைஸ் 40 இருக்கா?" என்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்து, "நேத்து கேட்டேனே, அதே மெரூன், கை நீளம் எவ்வளவு?" என்கிறார். மூன்று இடத்தில் மூன்று கேள்வி, ஆனால் கேட்டவர் ஒருவர்தான். இதை மூன்று விசாரிப்பு என்று எழுதினால் விசாரிப்பு விகிதம் மூன்று மடங்காக வீங்கும், வாங்கும் விகிதம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டையும் பெருக்கினால் தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, இறுதி விடை சரியாகவே தெரியும். அதனால்தான் இந்தத் தவறு நெடுநாள் கண்ணில் படாமல் கிடக்கிறது. கடையில் எந்த இடத்தில் கோளாறு என்று தேடும்போதுதான் அது நம்மைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எண்ண வேண்டியது ஆட்களை. ஒரு மாதத்தில் ஒருவர் எத்தனை முறை கேட்டாலும் ஒன்று.

'எவ்வளவு அழகு!' என்ற கருத்தும் இதய ஸ்மைலியும் விசாரிப்பு ஆகாது. விலை, அளவு, நிறம், இருப்பு, டெலிவரி என ஐந்தில் ஏதாவது ஒன்றைக் கேட்டால் மட்டுமே எண்ணுங்கள். சிங்கப்பூருக்கு வெளியிலிருந்து கேட்டவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் அவர்களை ஃபாலோவர் பக்கத்திலும் கழித்துவிட்டோம். ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் சேர்த்தால் விகிதம் பொய் சொல்லும். கடைக்கே நேரில் வந்து "இன்ஸ்டாவில பார்த்தேன்" என்று ஃபோனை நீட்டுபவர்களை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிறபோது உள்ளே நுழைந்தவர்களின் பில் இந்தக் கணக்குக்கு வேண்டாம். அது தனி நோட்டு.

எண்ணுவதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் ஒவ்வோர் உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். New customer, Pending payment, Paid போன்றவை அதிலேயே உள்ளன. அவற்றோடு 'விலை கேட்டு நின்றது', 'அளவு இல்லை', 'தாமதம்' என்று மூன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றின் பயன் பிறகு தெரியும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜூலை 28ஆம் தேதி கேட்டவர் சம்பளம் வந்ததும் ஆகஸ்ட் 3ஆம் தேதி பணம் அனுப்புகிறார் என்றால், அந்த விற்பனை எந்த மாதத்துக்கு? கல்லாக் கணக்குக்கு ஆகஸ்ட். வாங்கும் விகிதத்துக்கு ஜூலை, ஏனென்றால் அவர் ஜூலையில் விசாரித்தவர். அதனால் ஒரு மாதத்தின் விகிதத்தை அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் மூடுங்கள். முதல் தேதியன்றே மூடினால் கடைசி வாரத்தில் கேட்டவர்கள் எல்லாரும் வாங்காதவர்களாகவே பதிவாகிவிடுவார்கள். ஜூலையும் 10ஆம் தேதிதான் மூடும், எனவே இப்போது போடும் இலக்கு தற்காலிகமானது. அன்று திருத்திக்கொள்ளலாம்.

இப்படி எண்ணியதில் நம் கடைக்குக் கிடைத்தது இது. மே மாதம் 68 பேர் விசாரித்து 14 பேர் வாங்கினார்கள். ஜூனில் 49 பேர், வாங்கியது 9. பள்ளி விடுமுறையில் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஜூன் இறங்குவது இயல்பு. ஜூலையில் 63 பேர், வாங்கியது 13. மூன்று மாதத்துக்கும் சேர்த்து விசாரித்தவர் 180, வாங்கியவர் 36. மாதச் சராசரி 60 விசாரிப்பு, 12 பில். 2,000 பேரில் 60 என்றால் விசாரிப்பு விகிதம் 3 விழுக்காடு. 60இல் 12 என்றால் வாங்கும் விகிதம் 20 விழுக்காடு.

நான்காவது எண் சராசரி பில் தொகை. 36 பில்லும் சேர்ந்து 2,700 வெள்ளி. வகுத்தால் 75 வெள்ளி. ஆனால் பில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜூலையில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்காக மொத்தமாக 540 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 35 பில்லுக்கு 2,160 வெள்ளி, அதாவது பில்லுக்கு ஏறக்குறைய 62 வெள்ளி. அந்தக் கல்யாண பில் கிடைத்தது நல்லதுதான், ஆனால் ஆகஸ்டில் இன்னொன்று வரும் என்று எழுதிவைக்க நமக்கு ஆதாரம் இல்லை. இலக்குக்கு 62தான் சரி.

கூகுள் ஷீட்ஸில் B1 முதல் B4 வரை இந்த நான்கையும் வரிசையாக எழுதி, B5இல் பெருக்கல்:

```
B1: 2000
B2: 3%
B3: 20%
B4: 62
B5: =B1*B2*B3*B4
```

விடை 744 வெள்ளி. 12 பில், பில்லுக்கு 62.

கூர்ந்து பார்ப்பவர் இங்கே ஒன்று கேட்பார்: "மூன்று மாதச் சராசரி 12 பில். அதைத்தானே இவ்வளவு சுற்றிவந்து மறுபடி சொல்கிறோம்?" உண்மைதான். எதுவும் மாறாத மாதத்துக்கு இந்தப் பெருக்கல் புதிதாக எதையும் சொல்லாது. நான்காகப் பிரித்து வைப்பதன் பயன், ஏதாவது ஒன்று மாறும்போதுதான் வெளிப்படும். எதை மாற்றினோம், அது எந்த எண்ணைத் தொடும், எவ்வளவு தொடும் என்று அப்போது சொல்ல முடியும். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு 'இந்த மாதம் 30 விழுக்காடு கூட்டுவோம்' என்றால் எதைக் கூட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதற்கு முன், 12 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க வேண்டும். சின்ன எண்கள் தானாகவே ஆடும். கடையில் எதுவும் மாறாவிட்டாலும் ஒரு மாதம் 9 பில் வரும், இன்னொரு மாதம் 15 வரும். எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் எளிய கைக்கணக்கு இருக்கிறது: எதிர்பார்க்கும் பில் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 12க்கு அது ஏறக்குறைய மூன்றரை. பத்து மாதம் எடுத்துக்கொண்டால் சுமார் ஏழு மாதம் 9க்கும் 15க்கும் நடுவில் விழும், மீதி மூன்று அதற்கும் வெளியே போகும். வெள்ளியில் சொன்னால் 558 முதல் 930 வரை.

எனவே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மாதம் முழுவதும் தவிக்காமல் இரண்டு எண்களை வையுங்கள். சரக்குக்கும் கட்டாயச் செலவுக்கும் 558ஐ வைத்துத் திட்டமிடுங்கள். இலக்கு என்று எழுதுவது 744. ஒரு மாதம் 10 பில்தான் வந்தது என்பதற்காகப் பக்கத்தையே தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று மாதம் 9க்குக் கீழே என்றால் அது ஆட்டம் ஆகாது, ஏதோ உடைந்திருக்கிறது.

இப்போது இலக்கை உயர்த்துவது. விசாரித்தும் வாங்காமல் போனவர்கள் மூன்று மாதத்தில் 144 பேர். முன்பு ஒட்டிய லேபிள்கள் இங்கேதான் வாய் திறக்கின்றன. விலை கேட்டதும் மௌனமானவர் 70. கேட்ட அளவு இல்லாததால் போனவர் 41. நாம் பதில் சொல்ல மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனதால் போனவர் 24. காரணம் தெரியாதவர் 9.

கண்ணில் முதலில் படுவது அந்த 70. உடனே 'படத்திலேயே விலையைப் போட்டுவிடலாம்' என்று தோன்றும். போடலாம், நேரம் மிச்சமாகும். ஆனால் விளைவைச் சரியாகப் படிக்க வேண்டும். விலையைப் பார்த்ததுமே, கட்டுப்படியாகாதவர்கள் கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள். விசாரிப்பு 60இலிருந்து 40 ஆகலாம், வாங்குபவர் அதே 12 பேராக இருக்கலாம். வாங்கும் விகிதம் 20இலிருந்து 30 விழுக்காடாக ஏறிவிட்டது என்று மகிழ்ந்து இலக்கை ஒன்றரை மடங்காக்கினால் அது பெரிய பிழை. கல்லாவில் ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. விசாரிப்பு விகிதமும் வாங்கும் விகிதமும் ஏற்றப்பலகையின் இரு முனைகள் போல. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறதா என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

அந்த 41 பேரின் கதை வேறு. விலை அவர்களுக்குச் சம்மதம், நிறமும் பிடித்திருக்கிறது, அளவு மட்டும் நம்மிடம் இல்லை. உரையாடல்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவர் கேட்டது 42, 44 அளவு ரவிக்கை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு சராசரி 14 பேர். அந்த அளவுகளை வரவழைத்தால் 14 பேரும் வாங்கிவிட மாட்டார்கள். நாலில் ஒருவர் என்று கஞ்சமாகவே எடுத்தாலும் மாதம் 3 பில் கூடும். 12 பில் 15 ஆகும், வாங்கும் விகிதம் 25 விழுக்காடு, தொகை 930 வெள்ளி. ஆகஸ்ட் இலக்கை 930 என்று எழுதுவதற்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்கு வாங்க வேண்டிய சரக்கின் அளவும் தெரிகிறது.

சரக்கு எந்தத் தேதி கடைக்கு வருகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் பெட்டி வருகிறது என்றால் அந்த மாதத்தில் பாதிதான் பயன். 3 பில்லுக்குப் பதில் ஒன்றரை என்று எழுதி, இலக்கை 13.5 பில், அதாவது 837 வெள்ளி ஆக்குங்கள்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. 15 பில் என்பது பழைய 12இன் ஆட்ட எல்லைக்குள்ளேயே வருகிறது. ஆகஸ்டில் 15 வந்தால் புது அளவுகளால் வந்ததா, தானாக வந்ததா என்று பில் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் 'அளவு இல்லை' என்ற லேபிளை எண்ணுங்கள். மாதம் 14ஆக இருந்தது 4, 5 என்று விழுந்தால் சரக்கு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்று அறியலாம். அது அப்படியே 12, 13 என்று நின்றால் தவறான அளவையோ தவறான நிறத்தையோ வரவழைத்திருக்கிறீர்கள்.

பரிசுப் போட்டி நடத்தி ஃபாலோவரைக் கூட்டும் கடைகளுக்கு ஓர் எச்சரிக்கை. 'மூன்று பேரை டேக் செய்யுங்கள், சேலை வெல்லுங்கள்' என்று போட்டதில் நம் 2,000 உள்ளூர் ஃபாலோவர் 2,500 ஆகிவிட்டார்கள் என்போம். ஷீட்டில் B1ஐ மாற்றினால் விசாரிப்பு 60இலிருந்து 75க்குத் தாவும், இலக்கும் கூடவே தாவும். நடக்கப்போவது அது அல்ல. புதிதாக வந்த 500 பேர் இலவசச் சேலைக்காக வந்தவர்கள். அவர்களுக்கு 3 விழுக்காடு பொருந்தும் என்பதற்கு எந்தப் பதிவும் நம்மிடம் இல்லை. புதியவர்களைத் தனி வரியில் வைத்து, முதல் மாதம் அவர்களுக்குப் பூஜ்யம் போடுங்கள். உண்மையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்தபின் அவர்களுடைய சொந்த விகிதத்தை எழுதுங்கள். ஃபாலோவர் கூடியும் விசாரித்தவர் எண்ணிக்கை 60, 61 என்றே நின்றால் விகிதம் 2.4 விழுக்காடாகச் சரியும். அது கடை கெட்டுப்போனதன் அடையாளம் ஆகாது. வகுக்கும் எண்தான் வீங்கியிருக்கிறது.

சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார்கள்: "வாடகையில் என் பங்குக்கு ஆன்லைன் விற்பனை மாதம் 600 வெள்ளி தரணும்." இதையும் அதே நான்கு எண்களால் சோதிக்கலாம். 62 வெள்ளி பில்லில் கொள்முதல் 34, பேக்கிங்கும் டெலிவரியும் 4 போனால் கையில் நிற்பது 24. 600 வெள்ளிக்கு 25 பில் தேவை. 20 விழுக்காடு வாங்குகிறார்கள் என்றால் 125 பேர் விசாரிக்க வேண்டும். இந்தக் கடையில் ஒரு மாதத்தில் விசாரித்த உச்ச எண்ணிக்கை 68. தேவை நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அதை இலக்கு என்று எழுதிவிட்டால் 3 விழுக்காடு ஆறே கால் ஆகிவிடாது. அந்த வாடகைப் பங்கைக் கடைவிற்பனையிலிருந்து எடுப்பதா, லாபம் கூடிய சரக்கைச் சேர்ப்பதா என்று யோசிப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை. தவிர, 125 பேருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். படம் அனுப்பி, அளவு சொல்லி, பணம் வந்ததைச் சரிபார்க்க ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் என்றாலே 31 மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரே ஆள் நடத்தும் கடையில் 'தாமதம்' லேபிள்தான் பெருகும்.

தீபாவளி மாதத்துக்கு மே, ஜூன், ஜூலை விகிதங்களைப் பயன்படுத்தாதீர்கள். அப்போது விசாரிப்பவர் கூட்டமும் வேறு, அவசரமும் வேறு. போன ஆண்டு பதிவு இருந்தால் அதில் சாதாரண மாதச் சராசரியையும் தீபாவளிக்கு முந்தைய மாதத்தையும் பாருங்கள். 10 பில்லுக்கு எதிரே 28 என்றால் 2.8 மடங்கு. இந்த ஆண்டின் சாதாரண மாதம் 12 என்றால் ஏறக்குறைய 34 பில் எதிர்பார்க்கலாம், ஆட்டம் 28 முதல் 40 வரை. தீபாவளி சில ஆண்டு அக்டோபரிலும் சில ஆண்டு நவம்பரிலும் வருவதால், காலண்டர் மாதத்தை ஒப்பிடாமல் இந்த ஆண்டு பண்டிகைக்கு முந்தைய 30 நாளைப் போன ஆண்டு பண்டிகைக்கு முந்தைய 30 நாளோடு ஒப்பிடுங்கள். போன ஆண்டு பதிவே இல்லாத புதுக் கடை என்றால், அந்த 30 நாளின் முதல் வாரத்தில் எத்தனை பேர் விசாரிக்கிறார்கள் என்று எண்ணி, சாதாரண வாரத்தின் 15 பேரோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகு இலக்கைத் திருத்துங்கள். இரண்டாம் தவணைச் சரக்குக்கு ஆர்டர் போடுவதையும் அந்த வாரம் முடியும்வரை தள்ளிவைக்கலாம், ஆனால் சரக்கு வந்து சேரும் நாள்களையும் தைத்து முடிக்கும் நாள்களையும் கழித்துப் பார்த்தபின் கையில் நேரம் மிஞ்சினால் மட்டும்.